சேலத்துக் காலண்டரில் மணப்பாட்டு வற்றம்

சேலத்தில் தினமும் நாம் படிக்கும் நீர்மட்டம் ஒன்றுதான்: மேட்டூர் அணை. இன்று இத்தனை அடி, நேற்றைவிட இத்தனை அடி கூடுதல் என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்துவிடும். கடல் நமக்கு எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதனால் கடலுக்கும் இப்படி ஒரு நீர்மட்டக் கணக்கு உண்டு, அதை ஒரு வருஷத்துக்கு முன்கூட்டியே அச்சடித்துவிடுகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் கோடை விடுமுறையில் பையனைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போனேன். அதற்கு முன் ஒரு செய்தியில் படம் பார்த்திருந்தான். ‘திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது’ என்று அடிக்கடி வருமே, அந்தச் செய்திதான். பச்சைப் பாசி படிந்த பாறைகள், நடுவில் குட்டிக் குட்டியாகத் தேங்கிய தண்ணீர், அதில் குனிந்து எதையோ பார்க்கும் பிள்ளைகள். அதைப் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். புதிய பஸ் ஸ்டாண்டில் இரவு ஏறி, விடிகாலையில் இறங்கி, தரிசனம் முடித்து, அப்படியே தெற்கே மணப்பாடு வரைக்கும் போனோம். காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை காத்திருந்தோம். கடலின் ஓரம் இரண்டு எட்டுகூட நகரவில்லை.

கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் தலை நிமிராமலே சொன்னார்: “இன்னைக்குப் பிறை எட்டுல்லா தம்பி. தண்ணி எங்கன வத்தும்? அமாவாசை கழிஞ்சி ரெண்டா நாள் வாங்க, பாறை பூரா வெளிய கெடக்கும்.”

அவர் சொன்ன அந்த ஒரு வரியை விரித்து எழுதினால் அதுதான் இந்தக் கட்டுரை.

கடல்மட்டம் ஒரு நாளில் இரண்டு முறை உயர்ந்து இரண்டு முறை தாழ்கிறது. பாடப்புத்தகம் இதை ஓதம் என்கிறது. கரையில் ஏற்றம், வற்றம் என்கிறார்கள். நிலாவின் ஈர்ப்பு முதல் காரணம். சூரியனும் இழுக்கிறது, பொதுவாகப் பார்த்தால் அதன் பங்கு நிலாவினுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் பூமி, நிலா, சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதால் இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஏற்றம் அதிகமாக ஏறும், வற்றம் அதிகமாக வற்றும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் செங்குத்தாக இழுப்பதால் ஒன்றை ஒன்று குறைத்துவிடுகின்றன. தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது கடற்கரைக்குக் கடற்கரை மாறும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சராசரியாக 1 மீட்டர் இருக்கும். அஷ்டமி சமயத்தில் 40 சென்டிமீட்டர். தூத்துக்குடியில் மொத்தமே குறைவு, ஆனால் விகிதத்தில் வித்தியாசம் கூடுதல்: பௌர்ணமி பக்கம் சுமார் 70 சென்டிமீட்டர், அஷ்டமி பக்கம் 20 சென்டிமீட்டருக்கும் கீழே. அதாவது நான்கில் ஒரு பங்கு. சூரியனின் பங்கு மன்னார் வளைகுடாவில் வழக்கத்தைவிடத் தூக்கலாக இருப்பதுதான் காரணம். அதனால் சென்னைக்காரர் தேதியைத் தவறவிட்டாலும் கொஞ்சம் பாறையாவது பார்த்துவிடுவார். திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் போகிறவர் தேதியைத் தவறவிட்டால் ஒன்றுமே கிடைக்காது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

இந்த 70 சென்டிமீட்டர் என்பது செங்குத்தான அளவு. ஒரு மேசையின் உயரம், அவ்வளவுதான். செய்தியில் வருவதோ ‘50 அடி உள்வாங்கியது’ என்று. இரண்டையும் இணைப்பது கரையின் சரிவு. 50 அடி என்றால் 15 மீட்டர். 70 சென்டிமீட்டர் இறங்கி 15 மீட்டர் விலகியது என்றால், அந்த இடத்தில் 20 அடி நடந்தால் 1 அடி ஆழமாகும் சரிவு இருக்கிறது என்று பொருள். அதே 70 சென்டிமீட்டர் செங்குத்தான மணற்கரையில் ஐந்தாறு மீட்டர்தான் காட்டும். பாக் நீரிணைப் பக்கம், சமதளமான சேற்றுத் தட்டில், நூறு மீட்டருக்கு மேல் காட்டும். குஜராத்தின் பாவ்நகர் பக்கம் கடல் 10 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அங்கே கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். நம் ஊர்க் கரையில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. நமக்குக் கிடைப்பது ஒரு மேசை உயரம். அந்த உயரத்தைச் சரியான பாறையில், சரியான மணியில் பிடிக்கவேண்டும்.

இங்கேதான் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் உதவிக்கு வருகிறது. திதி என்பது சும்மா நல்ல நாள் பார்க்க வைத்த பெயர் இல்லை. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலுள்ள கோணம் 12 டிகிரி கூடினால் ஒரு திதி. ஓதத்தின் அளவையும் நேரத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பதும் அதே கோணம்தான். அதனால் ஒரு குறிப்பிட்ட கரையில், ஒரு குறிப்பிட்ட திதியில், வற்றம் ஏறக்குறைய அதே கடிகார நேரத்தில்தான் வரும். இந்த மாதத் துவிதியையில் காலை 9 மணிக்கு வற்றம் என்றால் அடுத்த மாதத் துவிதியையிலும் அதற்குப் பக்கத்தில்தான். 12 டிகிரி என்பது கடிகாரத்தில் 48 நிமிடம். ஒவ்வொரு திதிக்கும் வற்றம் சராசரியாக அவ்வளவு தள்ளிப்போகும். பதினைந்து திதி தள்ளினால் 12 மணி நேரம். நாளுக்கு இரண்டு வற்றம் இருப்பதால், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வற்ற நேரம் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. நடைமுறையில் இந்த 48 நிமிடம் சீராக இருக்காது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இதைவிடக் குறைவாகத் தள்ளும், அஷ்டமியை ஒட்டி ஒரு மணி நேரத்தையும் தாண்டும்.

கரைக்குக் கரை அந்த நேரம் வேறு. சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் காலை 8 மணியை ஒட்டி வரும், வற்றம் பிற்பகல் 2 மணியை ஒட்டி. வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். அதே நாளில் தூத்துக்குடிப் பக்கம் வற்றம் வேறு மணியில் வரும். ஒரு கரையின் நேரத்தை இன்னொரு கரைக்குப் போட்டுப் பார்க்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது அட்டவணையைத் திறக்கவேண்டும். காலண்டர் நாளைச் சொல்லும், மணியைச் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. மிகப் பெரிய வற்றம் சரியாக அமாவாசை, பௌர்ணமி அன்று வருவதில்லை. கடலுக்குக் கொஞ்சம் தாமதம். ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து, பிரதமை, துவிதியையில்தான் உச்சம். “அமாவாசை கழிஞ்சி ரெண்டா நாள்” என்று அண்ணாச்சி சொன்னது இதைத்தான். பௌர்ணமி இரவு திருச்செந்தூர்க் கடற்கரையில் கூட்டம் நிரம்பி வழியும். மறுநாள் அது கலைந்துவிடும். பாறை பார்க்கப் போகிறவருக்கு இரண்டும் ஒருசேர நல்லது. கந்த சஷ்டி சூரசம்ஹாரத்துக்குப் போகிறவர்கள் அதே பயணத்தில் பாறையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சஷ்டி, அஷ்டமிக்கு இரண்டு நாள் முன்பு. ஏற்றவற்றம் சுருங்கிக்கொண்டே வரும் நேரம் அது. தைப்பூசத்துக்குப் போனால் பௌர்ணமிப் பக்கம், கணக்கு சரியாக வரும்.

சரி, இப்போது அட்டவணை. இந்திய நில அளவைத் துறை 1877 முதல் ஓதங்களை முறையாக அளந்துவருகிறது. ஒவ்வொரு வருஷமும் இந்தியத் துறைமுகங்களுக்கான ஓத அட்டவணைகளைப் புத்தகமாக வெளியிடுகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், இணையத்திலேயே தருகிறது. மணப்பாட்டுக்குத் தனி அட்டவணை தேடவேண்டாம். பக்கத்துப் பெரிய துறைமுகமான தூத்துக்குடியை எடுத்துக்கொண்டால் போதும். நேர வித்தியாசம் சிறியது. இரு பக்கமும் கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

பௌர்ணமி ஒரு சனிக்கிழமை வருகிறது, ஞாயிறு பிரதமை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஞாயிறுக்குரிய வரிகள் இந்த மாதிரி இருக்கும். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. போகும் நாளுக்கு உரியதை அட்டவணையில்தான் பார்க்கவேண்டும்.

```
02:10   0.95
08:25   0.25
14:35   0.90
20:45   0.30
```

இடது பக்கம் நேரம், 24 மணிக் கணக்கில். வலது பக்கம் உயரம், மீட்டரில். உயரம் கூடிய வரி ஏற்றம், குறைந்த வரி வற்றம். இரண்டு வற்றமும் ஒரே அளவு இல்லை என்பதைக் கவனியுங்கள், காலையில் 0.25, இரவில் 0.30. சில நாட்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும், பெரிய வற்றம் இருட்டிய பிறகு போய் விழுந்துவிடும். பௌர்ணமி என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால் இது தெரியாது.

0.25 என்றால் என்ன? நான் முதலில் பார்த்தபோது, கால் மீட்டர் ஆழம்தான் இருக்கும், பையன் தாராளமாக நிற்கலாம் என்று நினைத்தேன். தவறு. இதைச் சேலத்துக்காரருக்கு விளக்குவது சுலபம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் 100 அடி என்று பேப்பரில் போட்டிருந்தால், பண்ணவாடிப் பரிசல் துறையில் இறங்கினால் 100 அடி ஆழம் என்று யாரும் நினைப்பதில்லை. அணையில் குறித்துவைத்த ஒரு பூஜ்யத்திலிருந்து அந்த மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழம் அந்த இடத்துத் தரையைப் பொறுத்தது. கடலிலும் அப்படியே. வரைபடங்களுக்கென்று ஒரு பூஜ்ய மட்டம் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகக் கடல் அதற்குக் கீழே போகாது என்ற அளவில் தாழ்வான மட்டம் அது. 0.25 என்பது அதற்கு மேலே கால் மீட்டர். எண் சிறிதாகச் சிறிதாக வற்றம் பெரிது, அவ்வளவுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

பூஜ்யம் எது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. சில வெளிநாட்டு இணையதளங்களும் ஆப்களும் சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைக்கின்றன. அங்கே அதே வற்றம் மைனஸ் 0.4 என்று வரும். ஒன்றில் 0.25, இன்னொன்றில் மைனஸ் 0.4 என்று பார்த்துக் குழம்பவேண்டாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள், இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அப்புறம் நேரம். சில தளங்கள் கிரீன்விச் நேரத்தில் காட்டும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டவேண்டும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடைவெளியே ஆறு மணி நேரத்துக்குப் பக்கம் என்பதால், இந்த ஒரு தவறு வற்றத்தை ஏற்றமாகவே மாற்றிவிடும்.

இனி நம் ஞாயிற்றுக்கிழமை. இரவு 2:10க்கு 0.95லிருந்து இறங்கத் தொடங்கிக் காலை 8:25க்கு 0.25. மொத்தம் 70 சென்டிமீட்டர், ஆறேகால் மணி நேரம். இந்த இறக்கம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பன்னிரண்டு பங்காகப் பிரித்து, ஆறு மணி நேரத்துக்கு 1, 2, 3, 3, 2, 1 என்று மாலுமிகள் கணக்குப் போடுவார்கள். நம் 70க்கு அது முதல் மணியில் 6 சென்டிமீட்டர், பிறகு 12, நடுவில் இரண்டு மணி நேரமும் 17, மறுபடி 12, கடைசி மணியில் 6. ஆக, வற்ற நேரத்துக்கு ஒரு மணி முன்பிலிருந்து ஒரு மணி பின்பு வரை, இரண்டு மணி நேரம், தண்ணீர் ஆறு சென்டிமீட்டருக்குள்தான் அசைகிறது. உங்கள் நேரம் அந்த இரண்டு மணி நேரம். 7:25லிருந்து 9:25 வரை.

ஆனால் 7:25க்குப் போய் நிற்கக் கூடாது, ஆறே முக்காலுக்கே போய்விடவேண்டும். தண்ணீர் இறங்கும்போது கூடவே இறங்குவதுதான் பத்திரமான வழி. எந்தப் பள்ளம் கடைசியாக வெளிப்படுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது முதலில் நிரம்பப்போவதும் அதுதான். சேலத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், சனி இரவு சீக்கிரமே கிளம்பினால்தான் இது நடக்கும். திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு இன்னும் சுமார் 18 கிலோமீட்டர் தெற்கே. அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், அடியில் பாறை.

அந்த அஷ்டமிக்குப் பிறகு நாங்கள் மறுபடி போனது ஒரு துவிதியை. மேட்டின் அடிப்பாறையைப் பார்த்தவுடன் பையன் கேட்டான், ஏன் இதில் கோடு கோடாகக் கலர் மாறுகிறது என்று. அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டோம். மேலே வெறும் பாறை, அதில் கடுகளவு நத்தைகள் விரிசலுக்குள் ஒதுங்கியிருந்தன. அதற்குக் கீழே வெள்ளைப் பொட்டு பொட்டாகக் கொட்டலசு. தொட்டால் சொரசொரவென்று சுண்ணாம்பு வடை மாதிரி. உள்ளே இறால், நண்டுக்கு உறவான ஒரு உயிர் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் வரும் வரை காத்திருக்கிறது. அதற்கும் கீழே வழுக்கும் பச்சைப் பாசி. எல்லாவற்றுக்கும் கீழே பழுப்பு நிறத்தில் கட்டக்கோரை, தண்ணீர் இல்லாமல் தலை சாய்த்துக் கிடந்தது. இத்தனையும் என் இடுப்பு உயரத்துக்குள். எந்த உயிரால் எத்தனை மணி நேரம் வெளியில் காய முடியும் என்பதுதான் அந்தக் கோடுகளைப் போடுகிறது. மேலே இருப்பது நாளில் பெரும்பகுதி வெயிலில். கீழே இருப்பது பௌர்ணமி, அமாவாசை பக்கம் மட்டும் சில மணி நேரம் வெளியே. அலை மேலே தெறிக்கும் இடத்தில் கோடுகள் சற்று உயரும், ஒதுக்குப்புறத்தில் தாழும். அட்டவணையே இல்லாமல் ஒரு பாறையைப் பார்த்து அந்தக் கரையின் ஏற்றவற்றத்தை ஓரளவு சொல்லிவிடலாம். கட்டக்கோரை முழுக்க மூழ்கியிருந்தால் வற்றம் இன்னும் முழுதாகவில்லை, அல்லது நீங்கள் வந்த நாள் தவறு.

தேங்கிய குளங்களில் ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது. நிழல் விழாமல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அசையாமல் இருந்தோம். முதல் இரண்டு நிமிடம் வெறும் தண்ணீர். அப்புறம் ஒரு சங்கு நடந்தது, உள்ளே துறவி நண்டு. ஓரத்தில் சாமந்திப்பூ மாதிரி ஒன்று விரிந்திருந்தது. கடல் சாமந்தி என்றே பெயர், ஆனால் அது பூவல்ல, இரை பிடிக்கும் விலங்கு. மணல் நிறத்திலேயே ஒரு விரற்கடை மீன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, வாலை அசைத்த பிறகுதான் தெரிந்தது. நம் காலடி அதிர்வில் எல்லாம் ஒளிந்துகொள்ளும். ஒரே குளத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது, பத்துக் குளத்தை ஓடி ஓடிப் பார்த்தவருக்குக் கிடைக்காது.

கையை மட்டும் உள்ளே விடவேண்டாம். கூம்பு வடிவச் சங்குகளில் விஷமுள்ளவை உண்டு. அழகாக இருக்கிறதே என்று எடுத்தால் குத்திவிடும். கடல் முள்ளெலியின் முள் காலில் ஏறினால் உடைந்து உள்ளேயே தங்கும். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். பின்பட்டை வைத்த பழைய கேன்வாஸ் ஷூதான் நல்லது. புரட்டிய கல்லைப் புரட்டியபடியே விட்டுவிட்டு வந்தால், அடியில் இருந்ததெல்லாம் வெயிலில் செத்துப்போகும், திருப்பி வைக்கவேண்டும். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் குற்றம்தான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் தேசியப் பூங்கா என்பதால், வற்றம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்கக் கூடாது.

அட்டவணைக்குத் தெரியாதவை சில உண்டு, அவற்றில்தான் ஆபத்து. அட்டவணை நிலாவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதற்குத் தெரியாது. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி விடாமல் அடிக்கும் காற்று இன்னும் உயர்த்தும். 10 மீட்டர் ஏறி இறங்கும் கடலில் 15 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. நம் 70 சென்டிமீட்டரில் அது ஐந்தில் ஒரு பங்கு. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்த வாரத்தில் அட்டவணை சொன்ன வற்றம் முழுதாகக் கிடைக்காது. தென்தமிழகக் கரையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்போது, எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வற்றுவதும் உண்டு.

காற்றைவிட மோசமானது கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, பெருங்கடலில் வீசும் புயல் கிளப்பிய நெடிய அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் அமைதியாகத் தெரியும்போதே திடீரென்று உயரும். கள்ளன்போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஓத அட்டவணையில் அதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. அதனால் இன்காய்ஸ் தளத்தில் வற்ற நேரத்தைப் பார்க்கும் அதே உட்காரலில், அலை எச்சரிக்கை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடவேண்டும். கிளம்பும் நாள் காலையில் மறுபடி ஒரு முறை.

கரையில் நின்றே ஒரு சோதனை செய்யலாம். ஒரு அலை பாறையில் மோதுவதிலிருந்து அடுத்தது மோதும் வரை வாட்சில் விநாடி எண்ணுங்கள். பத்து முறை எண்ணிச் சராசரி பாருங்கள். ஐந்து முதல் எட்டு விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. பதினைந்தைத் தாண்டினால் தூரத்திலிருந்து வந்த நெடிய அலை. அலை சிறிதாகத் தெரிந்தாலும் அன்று வெளிப்பாறைக்குப் போகவேண்டாம். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் அடங்கியிருக்கும். பாறையில் கால் வைப்பதற்கு முன் இருபது நிமிடம் சும்மா நின்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த இருபது நிமிடத்தில் எந்தப் பாறை ஒரு முறையாவது நனைந்ததோ அந்தப் பாறை உங்களுடையது இல்லை.

‘கடல் உள்வாங்கியது’ என்ற செய்தியைப் பார்த்து சுனாமியை நினைத்துப் பயப்படுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. 2004 டிசம்பர் 26 ஒரு பௌர்ணமி நாள் என்பதால் அந்தப் பயம் இன்னும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம் இல்லை. வற்றம் மிக வேகமாக இறங்கும் நேரத்திலேயே மணிக்கு 17 சென்டிமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர். நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது; கால் மணி கழித்துத்தான் தெரியும். கண் எதிரே, சில நிமிடங்களில் தண்ணீர் உறிஞ்சியதுபோல விலகினால், அதுவும் அட்டவணையில் வற்றம் இல்லாத நேரத்தில் விலகினால், அது ஓதம் இல்லை. எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடவேண்டும்.

சேற்றுத் தட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முத்துப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் வற்றத்தில் வெளிப்படுவது பாறையல்ல, சேறு. அந்தக் கரைக்குரிய அட்டவணையைப் பார்க்கும் முறை அதேதான், கவனம் வேறு. கரையோரம் கெட்டியாக இருந்து நான்கு எட்டில் முழங்கால் வரை உள்ளே இழுக்கும் சேறு உண்டு. சமதளமாக இருப்பதால் ஏற்றம் திரும்பும்போது முன்னால் வருவதைவிட முதுகுக்குப் பின்னால் ஓடைகளில் முதலில் நிரம்பும். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இல்லாமல் நான் இறங்கமாட்டேன். பறவைகளைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஏற்றம் வரவர அவையே நம்மை நோக்கி ஒதுங்கி வரும்.

திரும்பும் நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? மணி 8:25 என்று அட்டவணை சொல்கிறது, ஆனால் அலை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பதால் ஓரத்தைப் பார்த்து எதுவும் தெரியாது. அலை நேராகத் தாக்காத ஒரு பாறை இடுக்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தண்ணீர் மெதுவாக ஏறி இறங்கும். நாங்கள் போன அந்தத் துவிதியையில் பையன் சாக்பீஸ் கொண்டுவந்திருந்தான். இடுக்கின் சுவரில் தண்ணீர் தொட்ட இடத்தில் 8:10க்கு ஒரு கோடு போட்டான், 8:25க்கு ஒன்று, 8:40க்கு ஒன்று. மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில், விரல் தடிமன் வித்தியாசத்தில். 8:55க்குப் போட்ட கோடு மேலே ஏறியிருந்தது. முதல் கோடு ஈரத்தில் கரைந்துபோயிருந்தது.

நாங்கள் 9:10க்குக் கிளம்பினோம். வரும் வழியில் இருந்த பள்ளத்தில், போகும்போது கணுக்கால் அளவு தண்ணீர். வரும்போதும் அதே அளவுதான், ஆனால் இப்போது உள்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கரையில் அந்த அண்ணாச்சியைத் தேடினேன், படகோடு போயிருந்தார். சேலம் வந்ததும் பையன் காலண்டரைப் புரட்டி அடுத்த மூன்று மாதத்துப் பிரதமை, துவிதியை நாட்களில் ஞாயிறு எதில் விழுகிறது என்று பார்த்தான். ஒன்றுதான் விழுந்தது. அந்தத் தாளின் ஓரத்தில், தூத்துக்குடி அட்டவணையைப் பார்த்து, வற்ற நேரத்தை பென்சிலில் எழுதிவைத்திருக்கிறான்.